பாலுக்கு ரெண்டு பர்னர்

“தம்பி! நம் தந்தையார் காலமானதிலிருந்து உனக்கு அண்ணனாகவும் தந்தையாகவும் இருந்து, இந்த இரும்புக்கடையையும் கவனித்துக்கொண்டு, உன்னையும் உன் மனைவி சுமதியையும் இதே வீட்டில் வைத்துக் காப்பாற்றி வருகிற என்னை விட்டுவிட்டு, நீ தனிக்குடித்தனம் போக நினைக்கிறாயா?”

பாஸ்கரன் இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, மூச்சு வாங்கினார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைம் கீப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் நடிகர். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர் என்பதால், ஹாலில் மாட்டியிருந்த காலண்டர்கூட லேசாக ஆடியதுபோல் இருந்தது.

பரந்தாமன் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“இதாம்மா வசனம்,” என்றார். “ஒரே வரில எல்லாம் வந்துட்ச்சி பாரு. அப்பன் செத்தது, கடை கீறது, தம்பி கண்ணாலம் கட்டிகினது, பொண்டாட்டி பேரு. டீவி பாக்கறவ வெண்டைக்கா நறுக்கிகினு இருப்பா. தலைய தூக்க மாட்டா. காதுல வுழணும்.”

அந்த வசனத்தை எழுதிய ஞானகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். பாராட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. திட்டினாலும் இதையேதான் செய்வாள்.

பரந்தாமன் குக்கர் கேஸ்கட் தயாரிப்பவர். அயனம்பாக்கம் ஏரியோரம் அவர் அப்பா பயிர் செய்த நிலத்தில் இப்போது ரப்பர் வளையங்கள் விளைந்தன. கேஸ்கட் விளம்பரத்துக்குத் தொலைக்காட்சியில் அரை நிமிடம் வாங்கினால் என்ன ஆகும் என்று விசாரித்தவர், நாமே ஒரு தொடர் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். தொடரின் பெயர் ‘ஒரு கூரை ஒன்பது தூண்கள்’. செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தபின் நடிகர்கள் ஐந்து பேராகக் குறைந்தார்கள். தலைப்பில் தூண்கள் குறையவில்லை. கதை அவருடையது. கூட்டுக்குடும்பம் சிதறாமல் காப்பாற்றும் ஓர் அண்ணனின் கதை. அண்ணனுக்கு ஒரு குறையும் கிடையாது. படப்பிடிப்பு அவர் வீட்டிலேயே. கீழே அவரும் மனைவி பார்வதமும். மாடியில் தம்பி லோகநாதனும் மனைவி வரலட்சுமியும் கைக்குழந்தையும்.

இயக்குநர் ராஜசேகரன். கோடம்பாக்கத்தில் நெடுங்காலம் உதவி இயக்குநராக இருந்து, எல்லா இயக்குநர்களுக்கும் குடை பிடித்து முடித்தவர். வானொலியில் ஞானகுமாரியின் நாடகம் ஒன்றைக் கேட்டுவிட்டு, ஆவடியில் அவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தது அவர்தான்.

அவள் பி.எஸ்சி. வேதியியல். பாடியில் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் படப்பிடிப்புக்குப் போவது அப்பா இக்னேஷியஸுக்குப் பிடிக்கவில்லை. அவர் மறுக்கவும் இல்லை. “டீவில உன் பேரு வரட்டும். வந்தா மேல எழுது. வரலைன்னா இந்த நாடகமெல்லாம் போதும்” என்றார். அவ்வளவுதான். ‘வசனம்: ஞானகுமாரி’ என்று ஒரு அட்டை. அது திரையில் நிற்கும் சில விநாடிகளில்தான் அவளுடைய மிச்ச எழுத்தெல்லாம் இருந்தது.

“நல்லா கீது,” என்றார் பரந்தாமன் மறுபடி. “இப்டியே போனா உன் பேர் தான். சொதப்பினா இருக்கவே இருக்கார் நம்ம ரகுநாதன்.”

ரகுநாதன் தொழிற்சங்க ஆண்டு விழாக்களுக்கு நாடகம் எழுதுகிறவர். ஒரு ராத்திரியில் ஒரு நாடகம் முடித்துவிடுவார் என்று பேர்.

*

அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு தெரசா வந்தாள். தம்பி மனைவி சுமதியாக நடிப்பவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டே நாடகங்களில் நடித்து வந்தாள். காகிதத்தைக் கையில் வாங்கி, கணவனாக நடிப்பவரைப் பார்த்து ஆரம்பித்தாள்.

“ஏங்க! உங்கள் அண்ணன் ராமலிங்கம் அவர்களின் மனைவியும் என் ஓரகத்தியுமான காமாட்சி அக்கா, நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் என்னை வேலைக்காரி போல் நடத்துவது உங்களுக்குத் தெரியாதா?”

நிறுத்தினாள். காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏம்மா ஞானம், இவரு என் புருஷன் தான?”

“ஆமாக்கா.”

“அவரு அண்ணன் பேரு அவருக்குத் தெரியாதா?”

ஞானகுமாரி தன் கையிலிருந்த நகலைப் பார்த்தாள்.

“இல்ல, தலைல கிலைல அடிபட்டு எல்லாம் மறந்துட்ச்சா? அப்டின்னா சொல்லிடு, அதுக்கேத்த மாதிரி மெதுவா சொல்றேன். ‘ஏங்க, இது உங்க வூடு. இது கதவு. இது நானு.’”

லைட் பிடித்திருந்தவர் சிரித்ததில் வெளிச்சம் ஆடியது. கேமராக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாஸ்கரன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அடுத்து பேச வேண்டிய வரி இதைவிட நீளம்.

“நான் சொல்லிட்றேம்மா, எனக்கின்னா?” என்றாள் தெரசா. “ஆனா அழுவற சீன்ல இவங்க சிரிச்சா என்ன திட்டக் கூடாது.”

பிறகு ஐந்து முறை எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து முறையும் ‘ஓரகத்தியுமான’ என்ற இடத்தில் யாராவது சிரித்தார்கள். கடைசி முறை தெரசாவே சிரித்துவிட்டாள்.

ராஜசேகரன் ஞானகுமாரியைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஏரிக்காற்றில் கேஸ்கட் ரப்பரின் வாசனை வந்தது.

“மாத்தி எழுதிக் குடும்மா,” என்றார்.

“எப்படி சார்?”

“மனுஷங்க பேசற மாதிரி.”

“பரந்தாமன் சாருக்கு இதுதானே பிடிச்சிருக்கு?”

“அவருக்கும் பிடிக்கணும்.” இதைச் சொல்லிவிட்டு, வேறு எதையும் கேட்டுவிடுவாளோ என்று பயந்தவர்போல் வேகமாக உள்ளே போய்விட்டார்.

கொல்லைப்பக்கப் படியில் உட்கார்ந்தாள். எங்கே தப்பு என்பது ஒரு பாதி புரிந்தது. வானொலி நாடகத்தில் யாரையும் பார்க்க முடியாது. அதனால் ‘அதோ, கையில் பெட்டியோடு வருவது என் தம்பி சேகர் அல்லவா?’ என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். இங்கே சேகர் பெட்டியோடு வருவது எல்லோருக்கும் தெரிகிறது. அவள் கண் இருப்பவர்களுக்குக் காதுக்கான வசனத்தை எழுதியிருந்தாள்.

மறு பாதி அதைவிட மோசம். சுமதிக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. ராமலிங்கத்துக்கும் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் வந்து நின்று குடும்பச் செய்திகளை வாசித்துவிட்டுப் போனார்கள். வானிலை அறிக்கை ஒன்றுதான் பாக்கி.

அடுக்களை ஜன்னல் அவள் தலைக்கு மேல் திறந்திருந்தது. உள்ளே பார்வதம் பாத்திரம் அடுக்கும் சத்தம். மாடிப்படியில் கொலுசு இறங்கி வந்தது.

“இன்னா வரலட்சுமி, குக்கரு வேணுமா? எட்த்துக்கோ. காலைலயே கழுவி வச்சிக்கிறேன். நீ வருவன்னு.”

“வேணாங்க்கா. நான் சட்டிலயே வடிச்சிக்கிறேன்.”

“சட்டிலயா? ஊரே நம்ம கேஸ்கட்டு போட்டு ஆக்குது. நீ சட்டில வடிக்கிற. அவரு கேட்டா இன்னா நினைப்பாரு.”

“மாமாகிட்ட யாரு சொல்லப் போறா.”

பாத்திரச் சத்தம் நின்றது.

“மாடில ஸ்டவ்வு வாங்கினியாமே.”

“சின்னதுக்கா. புள்ளைக்குப் பாலு காய்ச்ச.”

“பாலுக்கா?”

“ஆமாங்க்கா. சும்மா சும்மா உங்கள தொந்தரவு பண்ணிகினு இருக்கணுமா?”

“எனக்கின்னா தொந்தரவு. பாலு காய்ச்ச ஸ்டவ்வு. நல்லது.” ஒரு டம்ளர் கீழே வைக்கப்பட்டது. “பாலுக்கு ரெண்டு பர்னரா?”

வரலட்சுமி, “இந்த வாரம் ரேசன்ல மண்ணெண்ண போட்டாங்களாக்கா?” என்று கேட்டாள். பார்வதம், “போட்டாங்க போட்டாங்க” என்றாள். கொலுசு மாடியேறிப் போனது.

ஞானகுமாரி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தனிக்குடித்தனம் என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை. ஆனால் ஒரு வீடு இரண்டாவதை அவள் இப்போதுதான் காதால் கேட்டாள். ஒருத்திக்கு, தன்னைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். மற்றவளுக்கு, கேட்காமல் போக வேண்டும். இவ்வளவுதான் சண்டை. அதை இருவரும் ஸ்டவ் மேல் ஏற்றிவிட்டார்கள்.

லேபில், அமிலத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதில் தோய்த்த லிட்மஸ் தாள்தான் நிறம் மாறும்.

*

அந்த வாரம் எழுதினாள். ஜன்னலில் கேட்டதை அப்படியே எடுக்கவில்லை. ரேசன் மண்ணெண்ணெயை எடுத்துவிட்டாள். குக்கரை இட்லிப் பானையாக்கினாள். முன்பு எழுதியிருந்த விஷயங்களில் அப்பா செத்ததைப் பற்றிய ஒன்றை மட்டும் காமாட்சி சுமதியைக் குத்துவதற்கு வைத்துக்கொண்டாள். மற்றவற்றை அடித்தாள். இரும்புக்கடை போனது. ஓரகத்தி போனாள். ஸ்டவ்வை மாற்றிப் பார்த்தாள். மிக்சி, தையல் மெஷின், மின்விசிறி. எதுவும் பொருந்தவில்லை. ஸ்டவ்வையே வைத்துக்கொண்டாள். அடுக்களை விவகாரம் பரந்தாமனுக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தாள். அதில் அவள் நினைத்தது சரி.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் படித்துக் காட்டினார்கள். காமாட்சியாக நடிக்க வேண்டியவள் வராததால் அந்த வரிகளை ஞானகுமாரியே படித்தாள். பரந்தாமன் சோபாவில் சாய்ந்து கேட்டார். முடிந்ததும் இன்னும் வரும் என்று காத்திருந்தார்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் சார்,” என்றார் ராஜசேகரன்.

“இன்னாம்மா இது? ரெண்டு பொம்பளைங்க அடுப்பு பத்தி பேசறாங்க. பானைய பத்தி பேசறாங்க. அண்ணங்காரன் தியாகம் எங்க? தம்பி துரோகம் எங்க? பிரச்சின இன்னான்னே புரியலயே.”

ராஜசேகரன் தரையைப் பார்த்தார். தெரசாதான் பேசினாள்.

“எங்களுக்குப் புரியுது சார்.”

“உனக்குப் புரியும். நீ ஆர்டிஸ்ட்டு. வெண்டைக்கா நறுக்கறவளுக்குப் புரியணும்.” பரந்தாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் தொழிற்சாலை ஒளி வந்தது. “நான் கேஸ்கட்ட எப்டி மார்க்கெட்டுக்கு அனுப்பறேன்? சாம்பிள் போட்டு டெஸ்ட் பண்ணி. இங்கயும் அதே தான். பார்வதம்! வரலட்சுமிய கூட்டிகினு வா. அவங்க சொல்லட்டும். புரிஞ்சிதுன்னா வச்சிக்கலாம். புரியலன்னா ரகுநாதன். இன்னாம்மா?”

ஞானகுமாரி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள். பார்வதம் உண்மையிலேயே வெண்டைக்காய் முறமும் கத்தியுமாக வந்து, உட்கார்ந்து நறுக்கினாள். வரலட்சுமி மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டாள். பின்னால், பனியனோடு லோகநாதன்.

“சொல்லுங்க,” என்றார் பரந்தாமன்.

தெரசா ஆரம்பித்தாள். “இட்லிப் பானை காலியாக்கா?”

ஞானகுமாரி காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தாழ்ந்த குரலில் படித்தாள். “எடுத்துக்கோ. உனக்கில்லாததா. நீ எப்ப கேப்பன்னுதான் உக்காந்திருக்கேன்.”

“வேணாம்க்கா, இருக்கட்டும். ரெண்டு பேருக்கு எதுக்கு அவ்ளோ பெரிய பானை.”

“ரெண்டு பேரா? நான் அஞ்சு பேருன்னு நெனச்சு ஊறப் போட்டேன்.”

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்க்கா.”

“மாமனார் சாவறப்ப உன் கையத்தான் புடிச்சார். எங்கிட்ட சாவிக்கொத்துதான் குடுத்தாரு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மாடில ஸ்டவ் வந்திருக்காமே.”

“பாலு காய்ச்சக்கா.”

“பாலு காய்ச்ச.” ஞானகுமாரி இன்னும் தாழ்ந்த குரலில் அடுத்த வரியைச் சொன்னாள். “பாலுக்கு ரெண்டு பர்னரா?”

வெண்டைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது.

“புரிஞ்சிதா?” என்றார் பரந்தாமன், மனைவியைப் பார்த்து.

பார்வதம் முறத்தைக் கீழே வைத்தாள்.

“யாரு எய்தினது இத?”

“புரிஞ்சிதா புரியலயா, அத சொல்லு.”

“அக்கா!” வரலட்சுமியின் குரல் படியிலிருந்து வந்தது. “சினிமாக்காரங்ககிட்டல்லாம் சொல்லி வச்சிக்கிறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா நானே சொல்லியிருப்பேன்ல!”

“நானா சொன்னேன்? ஏம்மா, எய்தற பொண்ணே, நான் உங்கிட்ட பேசியிருக்கேனா? காப்பி குடுத்திருக்கேன், டம்ளர் வாங்கியிருக்கேன், அவ்ளோதான். வரலட்சுமி, நீ தான் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் ‘அக்கா குக்கர் தர்ல’ன்னு சொல்லிகினு இருந்திருப்ப.”

“குக்கர நான் எப்ப கேட்டேன்?”

“அதத்தான் நானும் சொல்றேன். எப்பக் கேட்ட?”

பரந்தாமன் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தார். டென்னிஸ் தெரியாமல் டென்னிஸ் பார்க்கிறவரைப் போல.

“இன்னா ஸ்டவ்வு? எந்த மாடில?” என்றார்.

லைட்காரர் மட்டும், கதையில் தான் மட்டும் பின்தங்கிவிட்டவரைப் பார்க்கிற இரக்கத்தோடு, விரலால் மேலே காட்டினார்.

“லோகு,” என்றார் பரந்தாமன். “மாடில அடுப்பு வச்சிகினு கீறியா?”

“ஆமாண்ணா.”

“எத்தினி நாளா?”

“தீவாளிக்கு முன்ன.”

“எங்கிட்ட கேக்கலயே.”

“கேட்டா வாணான்னு சொல்லியிருப்ப.”

“வாணான்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்ல!”

தம்பி பிரிந்துபோவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஞானகுமாரியின் கை தானாகப் பேனாவைத் தேடியது. அவரே அறியாமல், பதின்மூன்று வாரத் தொடர் முழுவதுக்கும் சேர்த்து அண்ணன் பாத்திரத்தை ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

லோகநாதன் மனைவியைக் கூட்டிக்கொண்டு மாடியேறினான். பார்வதம் முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். போகும்போது ஞானகுமாரியின் முன்னால் ஒரு விநாடி நின்றாள்.

“சாவிக்கொத்து எப்டி தெரியும் உனக்கு?” என்று கேட்டாள்.

“தெரியாதுங்க. நானா எழுதினது.”

பார்வதம் இடுப்பில் சொருகியிருந்த கொத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

*

“இந்த சீன் வாணாம்,” என்றார் பரந்தாமன்.

“சார், புரிஞ்சா வச்சிக்கலாம்னு நீங்கதான்…” என்று ராஜசேகரன் தொடங்கினார்.

“அதுக்குன்னு இவ்ளோவா புரியறது? சாம்பிளே வெடிச்சிட்ச்சி. இது ஊரு முச்சூடும் போனா அவனவன் வூட்ல அடுப்பு எண்ணுவான்.” ஞானகுமாரியின் பக்கம் திரும்பினார். “பழையபடி எய்தும்மா. விளக்கமா. அண்ணன் பேசணும், தம்பி கேக்கணும். ஒருத்தருக்கும் ஒண்ணும் உறுத்தக் கூடாது. அண்ணன் வசனம் ஒரு வரி கொறையக் கூடாது. எய்தித் தந்தா உன் பேரு. இல்லன்னா இன்னிக்கே ரகுநாதனுக்கு போன் போடறேன்.”

பஸ்ஸில் ஆவடி திரும்பும்போது அவள் அழவில்லை. அழுவதற்கு ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை. அப்பா வாசலில் நின்று, “பேரு வருதா?” என்று கேட்டார். “பாக்கலாம்ப்பா,” என்றாள். அதில் எல்லாம் இருந்தது. அவர் நகர்ந்து வழிவிட்டார்.

பழைய வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ‘தம்பி! நம் தந்தையார் காலமானதிலிருந்து…’ ஒரு சொல் குறையக் கூடாது. திரும்பத் திரும்பப் படித்தாள். வரியில் ஒரு தப்பும் இல்லை என்று மெல்ல உறைத்தது. எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோருக்கும் எடுத்துச் சொல்கிற மனிதர் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஒருவரை அவள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். இதை எல்லோர் வாயிலும் வைத்ததுதான் தப்பு. அவர் ஒருவர் வாயில் வைத்தால் அது விளக்கம் இல்லை. அது அவர்.

அப்படியானால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சாப்பிடுவார்கள்.

*

அடுத்த ஞாயிறு, ஹாலில் இலை போட்டுப் படமெடுத்தார்கள். ஞானகுமாரி எழுதியதைப் பரந்தாமன் படித்துப் பார்த்து, அண்ணனின் வரிகள் அத்தனையும் இருப்பதை விரல் வைத்துச் சரிபார்த்திருந்தார். நடுவில் அங்கங்கே ‘விசில் சத்தம்’ என்று இருந்தது.

“இது இன்னாம்மா விசில்?”

“குக்கர் சார்.”

“நம்ம கேஸ்கட்டா!” அவர் முகம் மலர்ந்தது. “சீனுக்குள்ளாறயே விளம்பரம். இது ரகுநாதனுக்குத் தோணாது. சத்தமா வரணும், இன்னா? நல்லா சத்தமா.”

கேமரா ஓடியது. பாஸ்கரன் இலைமுன் உட்கார்ந்து, தம்பியாக நடிப்பவரைப் பார்த்து ஆரம்பித்தார். தெரசா சுவரோரம் நின்றாள். காமாட்சியாக நடிப்பவள் சாம்பார் வாளியோடு நின்றாள்.

“தம்பி! நம் தந்தையார் காலமானதிலிருந்து உனக்கு அண்ணனாகவும் தந்தையாகவும் இருந்து…”

மேலேயிருந்து விசில் வந்தது. ராஜசேகரனின் உதவியாளர் டேப்பில் இன்னும் கைவைக்கவே இல்லை. அது வரலட்சுமியின் குக்கர். சட்டியில் வடிப்பதை விட்டுவிட்டாள் போலும். ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். ராஜசேகரன், நிறுத்தாதே என்று சைகை காட்டினார்.

பாஸ்கரன் குரலை உயர்த்தினார். “…இந்த இரும்புக்கடையையும் கவனித்துக்கொண்டு, உன்னையும் உன் மனைவி சுமதியையும்…”

“சாம்பார் போடுங்க அண்ணி,” என்றான் தம்பி.

மறுபடி விசில்.

“…இதே வீட்டில், ஒரே கூரையில், ஒரே அடுப்பில் வைத்துக் காப்பாற்றி வருகிற என்னை…”

காமாட்சி சாம்பாரை ஊற்றினாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். விசில்.

“மூணு,” என்றாள்.

“என்ன மூணு?” என்றார் பாஸ்கரன்.

“ஒண்ணுமில்லை. நீங்க சொல்லுங்க.”

அவர் சொன்னார். முழுவதையும் சொன்னார். தெரசா ஒரு வார்த்தையும் பேசாமல், மேலே அடுப்பை அணைக்க வேண்டிய நேரமாகிவிட்டது என்கிற முகத்தோடு மெல்ல நழுவி மாடிப்படியேறினாள். அண்ணன் அதைப் பார்க்கவில்லை. கூட்டுக்குடும்பத்தின் பெருமையைப் பற்றிய இடத்தில் இருந்தார்.

“கட்,” என்றார் ராஜசேகரன்.

லைட்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். இந்தமுறை எந்த இடத்தில் சிரிக்க வேண்டுமோ அந்த இடத்தில் சிரித்திருந்தார். அடுக்களை வாசலில் பார்வதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

“அருமை!” பரந்தாமன் எழுந்து வந்து பாஸ்கரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஒரு வரி வுடல. விசிலு தான் இன்னும் கொஞ்சம் கூட்டணும். எதுக்குய்யா சிரிக்கிறாங்க?”

“சந்தோஷம் சார்,” என்றார் ராஜசேகரன்.

பரந்தாமனுக்கு அது போதுமானதாக இருந்தது. டைட்டில் எழுதுகிற ஆர்டிஸ்ட் ஹாலில் காத்திருந்தார். பரந்தாமன் அவரிடம் சோபாவைக் காட்டிவிட்டு, ஞானகுமாரியைக் கூப்பிட்டார்.

“அம்மா, ஒரு விசயம். இப்ப பாத்தா முக்காவாசி வசனம் நான் சொன்னதாவே கீது. நீ ரெண்டு விசிலு போட்ட, ஒரு சாம்பாரு போட்ட. ‘கதை, வசனம், தயாரிப்பு பரந்தாமன்’னு ஒரே அட்டையா போட்டுட்டா பாக்க கம்பீரமா இருக்கும். உனுக்கு உதவின்னு பின்னால போட்டுக்கலாம். இன்னா சொல்ற?”

ராஜசேகரன் ஏதோ சொல்ல வந்து, தொண்டையைச் செருமிவிட்டு, கேமராவின் மூடியைத் தேடப் போனார். தெரசா மாடிப்படியில் நின்று பார்த்தாள்.

ஞானகுமாரிக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. லேபில் விடுப்பெடுத்து எழுதியதை, வாசலில் நிற்கும் அப்பாவை, ஸ்டவ்வுக்குப் பதில் மிக்சியும் தையல் மெஷினும் போட்டுப் பார்த்ததை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லலாம். பாஸ்கரனுக்குக் கொடுத்தால் அழகாகச் சொல்வார்.

“உங்க பேரே போடுங்க சார்,” என்றாள்.

“கோவமா சொல்லலயே?”

“இல்ல சார். மாடில எல்லாரும் பாப்பாங்க. சந்தோஷப்படுவாங்க.”

பரந்தாமன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மாடிப்படியைப் பார்த்தார். அடுக்களை வாசலைப் பார்த்தார். பார்வதம் அங்கேயே நின்றிருந்தாள். முந்தானை இன்னும் வாயிலேயே இருந்தது.

மேலே மறுபடி விசிலடித்தது.

“மூணுன்னு சொல்லுதே அந்தம்மா,” என்றார் மெதுவாக. “எதுக்கு சொல்லுது?”

“தெரியல சார். நீங்கதான எழுதினீங்க.”

அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். பிறகு டைட்டில் ஆர்டிஸ்டைப் பார்த்து, “வசனத்துக்குத் தனியா ஒரு அட்டை போடுப்பா,” என்றார். “நல்லா பெர்சா. யார் எய்தினதுன்னு தெளிவா தெரியணும்.”

“என்ன பேர் சார்?”

“ஞானகுமாரி பி.எஸ்சி.” அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “தோ பாரும்மா. நாளைக்கு யாராச்சும், எங்க வூட்லயே ஆவட்டும், எதுனா கேட்டாங்கன்னா… நீதான் எய்தினன்னு சொல்லிடணும். இன்னா?”

ஞானகுமாரி நிமிர்ந்தாள். அந்த வீட்டுக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக அவளுடைய குரல் அடுக்களை வரைக்கும் கேட்டது.

“நான்தான் சார் எழுதினேன்.”